ஆரல் கடலுக்குத் தண்ணீர் ஏன் போய்ச் சேரவில்லை?

கலிங்கும் மதகும் இல்லாத ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு வந்து விழும். வெளியே போக வழி கிடையாது. வந்த தண்ணீர் வெயிலில் ஆவியாவது ஒன்றுதான் வெளியேறும் பாதை. மத்திய ஆசியாவில் கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவே இருந்த ஆரல் கடல் அப்படிப்பட்டது. பெயர்தான் கடல். உண்மையில் அது மாபெரும் ஏரி. 1960இல் அதன் பரப்பு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். பாமிர் மலையிலிருந்து வரும் ஆமு தார்யாவும், தியான் ஷான் மலையிலிருந்து வரும் சிர் தார்யாவும் அதற்குத் தண்ணீர் தந்தன.

இந்த ஏரியின் வரவு செலவுக் கணக்கு எளிது. 1960க்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளில் இரண்டு ஆறுகளும் சேர்ந்து ஆண்டுக்குச் சராசரியாக 56 கன கிலோமீட்டர் தண்ணீரைக் கடலில் சேர்த்தன. நமக்குப் பழகிய அளவில் சொன்னால் கிட்டத்தட்ட 2,000 டிஎம்சி. மழை தந்தது இன்னும் 300 டிஎம்சிக்குச் சற்று மேல். அந்தப் பாலைவனக் காற்றில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் ஆவியாகும். பரப்பால் பெருக்கிப் பாருங்கள், சுமார் 2,300 டிஎம்சி வரும். வரவும் செலவும் சரி. அதனால் 1911 முதல் 1960 வரை கடலின் மட்டம் ஒரு மீட்டர் அளவுக்குள்தான் ஏறி இறங்கியது.

வரவு குறைந்தால் இப்படிப்பட்ட ஏரி ஒரேயடியாக வற்றிவிடாது. ஆவியாகும் அளவு வரவுக்குச் சமமாகும்வரை பரப்பைச் சுருக்கிக்கொண்டே போகும். வரவு பாதியானால் பரப்பும் ஏறக்குறைய பாதிக்கு வந்து நிற்கும். ஆரல் கடலில் அது அங்கே நிற்கவில்லை. 1980களில் சில ஆண்டுகள் ஆறுகளின் தண்ணீர் கடலை எட்டவே இல்லை என்று சொல்லுமளவுக்கு வரவு அறுந்துபோனது. மட்டம் 1960களில் ஆண்டுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் இறங்கியது. எழுபதுகளில் அது அரை மீட்டரைத் தாண்டியது, எண்பதுகளில் 80 சென்டிமீட்டரைத் தொட்டது. கடலின் அடித்தரை தாம்பாளம்போலத் தட்டையானது. மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கரை கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்கும். துறைமுக ஊரான முய்னாக்கில் கப்பல்கள் மணலில் நின்றுபோயின. இன்று அங்கிருந்து தண்ணீரைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும்.

பாசனம் புதிது அல்ல, பாதை புதிது

“சோவியத் அரசு பருத்திக்காக ஆற்றைத் திருப்பியது, கடல் காய்ந்தது” என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பது வழக்கம். அது தவறில்லை. ஆனால் விவசாயம் செய்பவருக்கு அந்த வரி போதாது. அங்கே பாசனம் ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். 1960இலேயே சுமார் 45 லட்சம் ஹெக்டேர் பாசனம் பெற்றது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் பாசனப் பரப்பு கூடிக்கொண்டே வந்தது, கடல் மட்டும் அசையவில்லை. அது எப்படி?

இரண்டு காரணங்கள். பழைய வயல்கள் ஆற்றை ஒட்டியே இருந்தன. பாய்ச்சிய தண்ணீரில் பயிர் குடித்தது போக, மிச்சம் கசிந்தும் வடிந்தும் மறுபடி ஆற்றுக்கே வந்தது. தலைமதகில் எடுத்தது பத்துப் பங்கு என்றால், கீழே ஆற்றுக்குத் திரும்பியது சில பங்கு. மற்றொன்று, முன்பு ஆறு கரை புரண்டு ஓடியபோது நாணல் காடுகளும் சதுப்புகளும் கழிமுகத்தில் ஏராளமான தண்ணீரை உறிஞ்சி ஆவியாக்கின. மேலே பாசனத்துக்கு எடுத்ததால் வெள்ளம் தணிந்தது, இந்த இழப்பும் குறைந்தது. வயல் எடுத்ததை நாணல் காடு ஈடுகட்டியது எனலாம்.

1960க்குப் பிறகு இந்த ஈடுகட்டல் தீர்ந்துபோனது. நாணல் காட்டிலிருந்து மிச்சம் பிடிக்க இனி ஒன்றும் இல்லை. அதே நேரத்தில் புதிய நிலங்கள் ஆற்றைவிட்டுத் தொலைவில், வறண்ட சமவெளிகளில் திருத்தப்பட்டன. தாஷ்கண்டுக்குத் தெற்கே பசித்த புல்வெளி என்று பெயர் பெற்ற பகுதி, ஆமு தார்யாவிலிருந்து பம்பு வைத்து மேடேற்றிப் பாய்ச்சிய கர்ஷி சமவெளி, துர்க்மெனிஸ்தானின் காரகும் பாலைவனம். 1954இல் வெட்டத் தொடங்கிய காரகும் கால்வாய் படிப்படியாக நீண்டு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. அது ஆண்டுக்கு 10 கன கிலோமீட்டருக்கும் மேல், அதாவது 350 டிஎம்சிக்கும் மேல் எடுக்கிறது. அடியிலும் பக்கவாட்டிலும் பூச்சு இல்லாத மண் கால்வாய், ஓடுவது மணல்வெளியில். அதில் கசிந்த தண்ணீர் கால்வாயின் இருபுறமும் குட்டைகளாக நின்றதே தவிர ஆற்றுக்குத் திரும்ப வழியில்லை.

வடிகால் நீரின் கதையைக் கேளுங்கள். ஆமு தார்யாவின் கீழ்ப்பகுதியில் உள்ள கொரெஸ்ம், தஷோகுஸ் வயல்களின் வடிகால்கள் கடலை நோக்கிப் போகவில்லை. சரிகமிஷ் என்ற பாலைவனப் பள்ளத்துக்கு விடப்பட்டன. அங்கே பல ஆயிரம் சதுர கிலோமீட்டரில் ஒரு புதிய உப்பு ஏரி உருவானது. சிர் தார்யாவிலும் இப்படி ஒன்று உண்டு. 1969இல் பெருவெள்ளம் வந்தபோது சர்தாரா அணையிலிருந்து சுமார் 21 கன கிலோமீட்டர் தண்ணீரை ஆர்னசாய் பள்ளத்தில் திறந்துவிட்டார்கள். ஒரு பக்கம் கடல் காய்ந்துகொண்டிருக்க, மறுபக்கம் யாரும் கேட்காத இடங்களில் ஏரிகள் நிரம்பின.

ஆக, கடலுக்குப் போகாத தண்ணீர் முழுவதையும் பருத்தி குடித்துவிடவில்லை. வயலை எட்டுமுன்னே வாய்க்கால்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போனது. வயலுக்கு வந்ததிலும் ஒரு பகுதி பயிருக்குக் கீழே இறங்கி, வடிந்து, திரும்பாத பள்ளத்தில் சேர்ந்தது. 1980களில் பாசனப் பரப்பு சுமார் 70 லட்சம் ஹெக்டேராகியிருந்தது. பரப்பு கூடியது ஒன்றரை மடங்குதான், கடலின் வரவோ ஏறக்குறைய முழுவதுமாகவே நின்றுபோனது.

ஏக்கருக்கு 80 மூட்டை உப்பு

இழப்பு கடலோடு நின்றிருந்தால், “மீனவருக்கு நட்டம், விவசாயிக்கு லாபம்” என்று கணக்கை முடித்திருக்கலாம். திட்டம் போட்டவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். கடல் சுருங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மீனைவிடப் பருத்திக்கு விலை அதிகம் என்று தெரிந்தேதான் செய்தார்கள். கணக்கில் வராமல் போனது வயலுக்குள் நடந்தது.

ஆமு தார்யாவின் கடைமடையில் ஆற்று நீரில் இன்று லிட்டருக்குச் சுமார் ஒரு கிராம் உப்பு இருக்கிறது. வாயில் வைத்தால் பெரிதாகக் கரிக்காது. ஆனால் கணக்குப் போடுங்கள். ஒரு ஏக்கருக்கு ஓர் ஆண்டில் 4,000 கன மீட்டர், அதாவது ஏக்கர் முழுவதும் ஏறக்குறைய மூன்றேகால் அடி தண்ணீர் பாய்ச்சினால், அதோடு 4 டன் உப்பும் வயலுக்கு வருகிறது. ஐம்பது கிலோ மூட்டையில் 80 மூட்டை. பயிர் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பைப் பெரும்பாலும் மண்ணிலேயே விட்டுவிடும். அந்த 80 மூட்டையும் அந்த ஆண்டே வடிகால் வழியாக வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு 160.

இதைக் கொரெஸ்ம் விவசாயிகள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். குளிர் முடியும் பிப்ரவரி, மார்ச்சில், பருத்தி விதைக்குமுன், வயலை வரப்புப் போட்டுச் சிறு பாத்திகளாகப் பிரித்து, தண்ணீர் தேக்கி, இறங்கவிட்டு, மறுபடி தேக்குகிறார்கள். நிலத்தின் உவர்ப்பைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு தடவை. பயிரே இல்லாத நிலத்துக்குப் பாய்ச்சும் தண்ணீர் இது. உப்பைக் கழுவவே ஆற்றில் பெரும் பங்கு செலவாகிறது. வடிகால் ஆழமாகவும் அடைப்பின்றியும் இருந்தால்தான் கழுவிய உப்பு வெளியே போகும். வடிகால் தூர்ந்திருந்தால் கழுவிய தண்ணீர் கீழே தேங்கி, நிலத்தடி நீர்மட்டம் ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்துக்கு ஏறிவிடும். பிறகு கோடை வெயிலில் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மண் அந்த உப்புநீரை மேலே இழுக்கும். தண்ணீர் ஆவியாகும், உப்பு மேலே தங்கும். கழுவிய உப்பு இரண்டு மாதத்தில் வீடு திரும்பியதுபோல ஆகிவிடும்.

வயலில் இது எங்கே முதலில் தெரியும் என்று கேட்டால், பாரின் முகட்டில். சாலில் தண்ணீர் விடும்போது ஈரம் இருபுறமிருந்தும் பாருக்குள் ஏறுகிறது, கடைசியில் முகட்டில்தான் காய்கிறது. உப்பும் அங்கேதான் சேரும். வெள்ளைப் பூத்தல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, முகட்டில் ஊன்றிய விதை திட்டுத் திட்டாக முளைக்காமல் போகும். விதை பழுது என்று நினைத்து மறுவிதைப்பு செய்பவரும் உண்டு. முகட்டு மண்ணையும் சரிவு மண்ணையும் தனித்தனியாக எடுத்து மின்கடத்துத் திறன் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். இரண்டையும் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால் சராசரிதான் வரும், உண்மை வராது.

கொரெஸ்மில் இன்னொரு பழக்கமும் உண்டு. தண்ணீர் வரத்து நிச்சயமில்லாத ஆண்டுகளில் விவசாயிகள் வடிகாலை மண் போட்டு அடைத்துவிடுவார்கள். நிலத்தடி நீர் மேலே ஏறும், வேர் அதைக் குடித்துக்கொள்ளும். நூல் படித்தவர்கள் இதைக் குற்றமாகச் சொல்லலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனமில்லை. முறைத் தண்ணீர் வருமா வராதா என்று தெரியாத கடைமடைக்காரர், இந்த ஆண்டுப் பயிரைக் காப்பாற்ற அடுத்த ஆண்டு மண்ணை அடகு வைக்கிறார். மேல்மடையில் தண்ணீர் வரத்து ஒழுங்காகாமல் கீழ்மடையில் வடிகாலை அடைக்காதே என்று சொல்லிப் பயன் இருக்காது.

மேலே உள்ள பகுதிகளின் வடிகால்களில் ஒரு பங்கு இன்றும் ஆமு தார்யாவிலேயே விழுகிறது. தண்ணீர் திரும்புவது ஆற்றுக்கு நல்லது என்று முன்பு சொன்னேன். அதோடு உப்பும் திரும்புகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆற்றின் கடைசியில் இருக்கும் கரகல்பக்ஸ்தானுக்கு வருவது குறைந்த தண்ணீர், அதிலும் உப்பு கூடிய தண்ணீர். உப்பு கூடினால் கழுவ இன்னும் அதிகத் தண்ணீர் வேண்டும்.

காய்ந்த தரையிலிருந்து வருவது

கடல் இருந்தவரை அது குளிர்காலத்தில் வெப்பத்தையும் கோடையில் குளிர்ச்சியையும் தந்து கரையோர ஊர்களைக் காத்தது. அது விலகியதும் கரையோரத்தில் கோடை கடுமையானது, பனி முந்தி வந்து பிந்திப் போனது. பருத்திக்குப் பனி இல்லாத நாட்கள் குறைந்தால் கடைசிக் காய்கள் வெடிக்காது.

கடல் காய்ந்த தரையில் உப்பு கெட்டியாக ஓடு கட்டிக்கொள்ளும், பறக்காது என்று சிலர் நம்பியிருந்தார்கள். பறந்தது. ஐம்பதாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆரல்கும் என்ற புதுப் பாலைவனத்திலிருந்து உப்பும் மணலும், பருத்தி வயல்களிலிருந்து ஆற்றோடு வந்து படிந்த பூச்சிக்கொல்லி எச்சமும் காற்றோடு கலந்து ஊர்களிலும் வயல்களிலும் விழுகின்றன. மீனுக்கு நேர்ந்தது சுருக்கமானது. லிட்டருக்குச் சுமார் 10 கிராமாக இருந்த உப்பு ஏற ஏற உள்நாட்டு மீன்கள் அழிந்தன. 1980களின் தொடக்கத்தில் மீன்பிடித் தொழில் நின்றது. முய்னாக்கின் மீன் பதனிடும் ஆலையை மூட மனமில்லாமல், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள பால்டிக் கடல் போன்ற இடங்களிலிருந்து மீனைக் கொண்டுவந்து சில காலம் ஓட்டினார்கள்.

சிறிய கடல் பிழைத்த விதம்

1980களின் இறுதியில் கடல் இரண்டாகப் பிரிந்தது. வடக்கே சிர் தார்யா விழும் சிறிய கடல், தெற்கே ஆமு தார்யாவை நம்பிய பெரிய கடல். வடக்கில் விழுந்த தண்ணீர் நடுவே இருந்த ஒரு பள்ளம் வழியாகத் தெற்கே வழிந்து, அகலமான ஆழமற்ற பரப்பில் பரவி ஆவியாகிக்கொண்டிருந்தது. உள்ளூர்க்காரர்கள் 1990களில் அந்தப் பள்ளத்தின் குறுக்கே மணலால் ஒரு கரை போட்டார்கள். உடைந்தது, மறுபடி போட்டார்கள். கரை நின்ற நாட்களில் நீர்மட்டம் ஏறியது, மீனும் வந்தது. 1999இல் புயற்காற்றில் கரை அடியோடு போய்விட்டது. ஆனால் கரை போட்டால் பலன் உண்டு என்று அந்த மணல்கரைதான் காட்டியது.

2005இல் கஜகஸ்தான் அரசு உலக வங்கிக் கடனோடு 13 கிலோமீட்டர் நீளக் கொக்கரல் அணையைக் கட்டி முடித்தது. வெள்ளம் வந்தால் திறந்துவிட, நம் ஏரிக்குக் கலிங்குபோல, அதில் மதகுகள் உண்டு. பல ஆண்டுகள் ஆகும் என்று எதிர்பார்த்த 42 மீட்டர் மட்டம் ஓர் ஆண்டுக்குள்ளேயே வந்துவிட்டது. உப்பு குறைந்தது. ஆற்றில் தப்பிப் பிழைத்திருந்த மீன்கள் கடலுக்கு இறங்கின. 2016 வாக்கில் ஆண்டு மீன்பிடிப்பு 7,000 டன் அளவுக்கு வந்தது. ஆனால் தண்ணீர் இன்னும் பழைய ஆரல்ஸ்க் துறைமுகத்தை எட்டவில்லை. கரையை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை இருந்துகொண்டே இருக்கிறது.

இது ஏன் பலித்தது என்பதற்கு முதலில் பார்த்த கணக்கே பதில். சிறிய கடலின் பரப்பு சுமார் 3,300 சதுர கிலோமீட்டர். ஆண்டுக்கு ஒரு மீட்டர் ஆவியானால் தேவை 3.3 கன கிலோமீட்டர், ஏறக்குறைய 115 டிஎம்சி. சிர் தார்யாவால் இப்போதும் அதைத் தர முடிகிறது. தெற்கே அதே வழி செல்லாது. முழுக் கடலையும் பழைய மட்டத்தில் நிறுத்த 2,000 டிஎம்சி வேண்டும். அதைக் கொடுக்க வேண்டுமானால் கோடிக்கணக்கானோர் நம்பி வாழும் பாசனத்தில் பெரும்பகுதியை நிறுத்த வேண்டும். யாரும் அதைச் செய்யப்போவதில்லை. தெற்கின் கிழக்குப் பகுதி 2014இல் முழுவதுமாக வறண்டது. உஸ்பெகிஸ்தான் அங்கே தண்ணீரைத் திரும்பக் கொண்டுவரும் நம்பிக்கையை விட்டுவிட்டு, புழுதி பறக்காமல் இருக்கச் சாக்சால் என்ற பாலைவனப் புதரைப் பெரிய அளவில் நட்டுவருகிறது.

சொட்டுநீரால் கடல் நிரம்புமா?

உஸ்பெகிஸ்தான் 2020இல் பருத்திக்கான கட்டாயக் கொள்முதல் முறையைக் கைவிட்டது. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மானியம் தருகிறது, வாய்க்கால்களுக்குக் கான்கிரீட் போடுகிறது. வேளாண் அலுவலர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொட்டுநீர் அமைத்த விவசாயிக்குத் தண்ணீர் மிச்சமாகிறது. அந்த மிச்சத்தை அவர் தரிசாகக் கிடந்த பக்கத்து நிலத்துக்குப் பாய்ச்சினால் ஆற்றில் ஒரு சொட்டும் கூடாது. முன்பு கசிந்து ஆற்றுக்குத் திரும்பிய தண்ணீரும் இப்போது பயிர் வழியாக ஆவியாகிவிடும். ஆற்றில் எடுக்கும் அளவைத் தலைமதகில் குறைத்தால்தான் மிச்சம் ஆற்றில் நிற்கும். திரும்பாத பள்ளத்தில் கசிவு சேர்ந்த இடங்களில், காரகும் கால்வாய் போன்றவற்றில், கசிவைத் தடுப்பது முழு லாபம். ஆற்றோரப் பழைய வயல்களில் லாபம் அந்த அளவுக்கு இருக்காது. எங்கே தண்ணீர் திரும்புகிறது, எங்கே திரும்பவில்லை என்று பார்க்காமல் எல்லா இடத்துக்கும் ஒரே விழுக்காட்டில் சேமிப்பு என்று அறிக்கை எழுதுவது சரியாகாது.

உவர் நிலத்தில் சொட்டுநீர் உப்பை அகற்றுவதும் இல்லை. ஈரம் பரவும் வட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளி வைக்கிறது, அவ்வளவுதான். லேசான மழை பெய்தால் அந்த உப்பு வேருக்கே திரும்பி வரும். ஆகவே சொட்டுநீர் போட்ட வயலுக்கும் பருவம் முடிந்தபின் கழுவலும் வடிகாலும் வேண்டும்.

இதற்கிடையே ஆமு தார்யாவின் மேல்பகுதியில் ஆப்கானிஸ்தான் 2022 முதல் கோஷ் தெபா என்ற 285 கிலோமீட்டர் கால்வாயை வெட்டிவருகிறது. ஆற்றில் அந்நாட்டு விவசாயிகளுக்கும் உரிமை உண்டு. 1992இல் ஐந்து மத்திய ஆசிய நாடுகள் செய்துகொண்ட பங்கீட்டு ஒப்பந்தத்தில் ஆப்கானிஸ்தான் இல்லை. கால்வாய் இங்கும் பூச்சில்லாத மண் கால்வாய்தான், போவது வறண்ட சமவெளியில். கீழே கொரெஸ்மிலும் கரகல்பக்ஸ்தானிலும் இருப்பவர்கள் இந்தக் கால்வாய் எவ்வளவு எடுக்கும் என்று மட்டும் கேட்கவில்லை. அதன் வயல்களின் வடிகால் எந்தப் பக்கம் விழும் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.